மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர்

மங்கம்மா அத்தை கொண்டு வந்த கடுதாசியை ஷீபா இரண்டு முறை படித்தாள். மூன்றாவது கடுதாசி இது. பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நிற்பதாக அத்தை மனு போட்ட நாளிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.

‘மனுவ வாபஸ் வாங்கு. கூரை வூடு பத்திக்க எவ்ளோ நேரம் ஆவும்?’

"யாருடி எழுதறான் இத? கைநாட்டு வெக்கறவளுக்கு டைப் அடிச்சு அனுப்பிக்கினு கீறான்" என்றாள் அத்தை. "நான் பயப்படல. உன் மாமன்தான் ராத்திரியெல்லாம் தூங்காம உக்காந்துகினு கீறாரு."

ஷீபா எழுத்துகளை உற்றுப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தின் நடுவிலும் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது. ஊசிகளால் குத்தி அச்சடிக்கும் பழைய பிரிண்டரில் ஓர் ஊசி உடைந்தால் அப்படித்தான் அடிக்கும். அந்தக் கோட்டை அவள் தினமும் பார்க்கிறாள். அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்து லேபில், மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரோடு இருக்கும் பிரிண்டர்தான் அது.

லேபுக்கு இரண்டே சாவி. ஒன்று அவளிடம். இன்னொன்று ஆபீஸில், யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி ஆணியில் தொங்கும்.

மறுநாள், வியாழக்கிழமை காலை போனதும் மூன்றாம் நம்பரைத் திறந்து தேடினாள். ஒன்றும் இல்லை. இருக்கவும் இருக்காது. பிள்ளைகள் வைரஸ் ஏற்றிக் கெடுக்கிறார்கள் என்று போன வருஷம் அவளே எல்லா கம்ப்யூட்டரிலும் ஃப்ரீஸ் மென்பொருள் போட்டு வைத்திருந்தாள். பகலில் யார் என்ன சேமித்தாலும் சரி, அணைத்துப் போட்டால் எல்லாம் மறைந்து பழைய நிலைக்கே வந்துவிடும். ஹெட்மாஸ்டர் அசெம்பிளியில் பாராட்டிய ஏற்பாடு. அதுவே இப்போது எவனுக்கோ காவல் நிற்கிறது.

அன்று மாலை பிள்ளைகள் போன பிறகு, அவளிடம் மட்டும் இருந்த பாஸ்வேர்டைப் போட்டு மூன்றாம் நம்பரில் அந்தக் காவலை எடுத்துவிட்டாள். மாற்றம் நடப்புக்கு வர ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தாள். இனி அதில் எழுதுவது எழுதியபடியே நிற்கும். திரையின் ஓரத்தில் இருந்த, அந்த மென்பொருளின் அடையாளமான சின்னக் கரடிப் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி மின்ன ஆரம்பித்தது. அதன் அர்த்தம் தெரிந்தவர் அந்தப் பள்ளியில் வேறு யாருமில்லை. பூட்டிவிட்டு பஸ் பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை பிரேயருக்கு முன்பே வந்து திறந்தாள். இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று ஆபீஸ் கடிதம், முந்தின நாள் சாயந்திரம் ஐந்தேகாலுக்கு அடித்தது, கீழே கிளார்க் வேதகிரியின் பெயர். இன்னொன்று அரைமணி கழித்து அடித்தது. தலைப்பில் அத்தை பெயர் இல்லை.

‘ஷீபா டீச்சருக்கு. அத்தைக்கு நல்ல புத்தி சொல்லு. ஆறு பத்து பஸ்ல எறங்கி, ஏரிக்கரை மேல தனியாத்தான் நடந்து போற. நாங்க பாத்துக்கினுதான் கீறோம்.’

அவள் அதை மறுபடியும் படித்தாள்.

"டீச்சர், இன்னா சீக்கிரமே வந்துட்டீங்க?"

வாசலில் வேதகிரி. தினமும் அவளுக்கு டீ சொல்லி அனுப்பும் மனுஷன். அவர் கண் அவள் முகத்தைத் தாண்டித் திரைக்குப் போனது. சிரிப்பு மறைந்தது. வாசல் பக்கச் சுவரில் லேபின் மெயின் சுவிட்ச். யு.பி.எஸ். பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகிறது. அவர் அவளையே பார்த்துக்கொண்டு கையை நீட்டிச் சுவிட்சை இறக்கினார். திரை கறுத்தது. விசிறி மெதுவாக நின்றது.

"கரண்ட் போச்சுபோல" என்றார். "ஆஃப் ஆனா எல்லாம் பழையபடி ஆயிடும்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா சார்" என்றாள் ஷீபா. "எல்லாம் போயிருக்கும்."

அவர் செருப்புச் சத்தம் வராந்தாவில் தேயும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கதவை உள்பக்கம் தாழ் போட்டு, சுவிட்சை ஏற்றி, கம்ப்யூட்டரைப் போட்டாள். இரண்டு கோப்பும் அப்படியே இருந்தன. பென் டிரைவில் ஏற்றினாள். இரண்டையும் பிரிண்ட் எடுத்தாள். உடைந்த ஊசியின் கோடு ஒவ்வொரு வரியிலும் விழுந்தது.

பதினோரு மணிக்கு அத்தையோடு உத்திரமேரூர் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தாள். இன்ஸ்பெக்டர் அத்தைக்கு வந்த கடுதாசியையும் புதுக் காகிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புகார் எழுதி வாங்கிக்கொண்டார். கம்ப்யூட்டரை எடுத்து வர ஜீப் போனது. மூன்று மணிக்கு வேதகிரியை அழைத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தலை நிமிரவில்லை.

"நான் மனுவ வாபஸ் வாங்க மாட்டேன் சார்" என்றாள் மங்கம்மா.

"வாங்க வேணாம்மா." இன்ஸ்பெக்டர் ஷீபாவுக்கு எழுதியிருந்த கடுதாசியின் கடைசி வரியில் விரல் வைத்தார். "இதுல 'நாங்க'ன்னு போட்டுக்கீதே, கவனிச்சியாம்மா? இவன் வாயத் தொறக்க மாட்டேங்கறான். வேற யாரு மேலயாவது சந்தேகம் கீதா?"

ஷீபா யோசித்தாள். தினமும் ஆறு பத்து பஸ்ஸில் அவளோடு இறங்குகிறவர்கள் ஏழெட்டுப் பேர். எல்லோருமே தெரிந்த முகங்கள். அவர்களில் யார் அந்த 'நாங்க' என்று அவளுக்குத் தெரியவில்லை.