தனி மெத்தை

தையல்காரர் கால்நடை மருத்துவரிடம் வந்து சேர்ந்தபோது காலை ஒன்பதேகால். வலது கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை ஒட்டி மூன்று நாய்க்குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கின. இடது கையில் பஞ்சு வைத்துத் தைத்த சிறிய பட்டு மெத்தைப்பை. அதில் நான்காவது குட்டி, ஒரு காது மட்டும் பழுப்பு. அது நூல் போன்ற குரலில் விடாமல் முனகியது.

பிறந்து நான்கு நாள் ஆகிறது. தாய் பிரசவத்தன்று இரவே இறந்துபோனது. தாய்க்கும் அதே காது. மகள் தெருவிலிருந்து தூக்கி வந்து, மொட்டு என்று பெயர் வைத்து வளர்த்த நாய் அது. தூர தேசத்துக்கு வேலைக்குப் போகும்போது, "மொட்டைப் பாத்துக்கோங்கப்பா" என்று சொல்லித்தான் போனாள். இன்னும் இரண்டு மாதத்தில் வருகிறாள். மொட்டு இல்லை என்று அவர் இன்னும் அவளிடம் சொல்லவில்லை; கேட்டபோதெல்லாம் ஏதோ பொய் சொல்லிச் சமாளித்தார். அந்தக் காதையாவது அவள் பார்க்க வேண்டும் என்பது ஒன்றே மனதில் இருந்தது.

மருத்துவர் அவருடைய மகள் வயதுக்காரி. குட்டியைக் கையில் எடுத்ததுமே முகம் மாறியது. வெப்பமானியை வைத்துப் பார்த்தாள்.

"முப்பத்து மூணு டிகிரிதான் இருக்கு. இந்த வயசுல முப்பத்தஞ்சுக்குக் கீழ போகக் கூடாதுங்கய்யா. எடை எழுதினீங்களா?"

அளவு நோட்டை நீட்டினார். இடுப்பு, தோள், கைநீளம் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரிசை. மூன்று வரிசைகளில் எண்கள் தினமும் ஏறியிருந்தன. பழுப்புக் காதின் வரிசை: 260, 256, 248, 231.

"நேத்தே கூட்டிட்டு வந்திருக்கணும்."

"இன்னிக்கு ஏறிடும்னு நெனச்சேம்மா."

"கடைசியா எப்ப பால் குடுத்தீங்க?"

"விடியக்காலைல. நீங்க குடுத்த பால்பவுடர்தான், குப்புறப் படுக்க வச்சுத்தான் புகட்டினேன். பிடிக்கல, வழிஞ்சிடுச்சு."

"வழிஞ்சது நல்லதாப் போச்சு. உடம்பு குளிர்ந்திருந்தா வயிறு வேலை செய்யாது. பால் அப்படியே நின்னு கெடும், இல்லன்னா மூச்சுக்குழாய்க்குள்ள போகும். முதல்ல சூடு, அப்புறம்தான் பால்."

விரலால் ஈறைத் தொட்டாள். பசைபோல் ஒட்டியது. ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவ, ஒரே சொட்டுச் சிறுநீர், அடர்மஞ்சளாக. "தண்ணியும் வத்திருக்கு" என்றாள். ஈறில் ஒரு துளி சர்க்கரைக் கரைசலைத் தடவிவிட்டு மெத்தையைப் பார்த்தாள்.

"இது எங்கேருந்து வந்தது?"

"நான்தான் தைச்சேன்." குரலில் கொஞ்சம் பெருமை. "அவனுங்க மூணு பேரும் மேல ஏறி மிதிக்கிறானுங்க. இவளுக்குத் தனியா இருக்கட்டும்னு..."

"முதல் நாள்லேருந்தா?"

"ஆமா."

மருத்துவர் மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்தாள். "ஐயா, போர்வை நமக்கு ஏன் கதகதப்பா இருக்கு? நம்ம சூட்டை அது வெளிய விடாது. இந்த வயசுக் குட்டியால சூடு உண்டாக்கவே முடியாது. பாட்டிலும் கூடப் பொறந்ததுங்களும்தான் அடுப்பு. நீங்க பட்டுல தைச்சாலும் காலி அடுப்புதான்."

தையல்காரர் மெத்தையின் ஓரத் தையலைப் பார்த்தபடி நின்றார். ஒரு கோணல் இல்லை.

கண்ணாடிக் கதவு வைத்த வெதுவெதுப்பான பெட்டிக்குள் குட்டியை வைத்தார்கள். "அவசரப்பட்டுச் சூடாக்கினா இதயம் தாங்காது. ரெண்டு மணிநேரமாவது ஆகும்" என்றாள் மருத்துவர். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போது மகளின் வீடியோ அழைப்பு வந்தது.

"அப்பா, கடையைத் தொறக்கலையா? மொட்டு எங்க? போனை அவகிட்ட காட்டுங்க, கூப்பிடுறேன். என் குரல் கேட்டா வாலை ஆட்டுவா."

இம்முறை அவருக்குப் பொய் வரவில்லை.

"அவ இல்லம்மா. நாலு நாளாச்சு."

மறுமுனையில் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

"ஏன்பா சொல்லல?"

"உனக்குக் காட்ட ஏதாவது மிஞ்சட்டும்னு இருந்தேன். அதையும் கெடுத்துட்டேன் போல."

எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் அவள், "காதைக் காட்டுங்க" என்றாள். கண்ணாடிக்கு வெளியே போனைப் பிடித்தார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

பதினொன்றரைக்குக் குட்டியின் சூடு முப்பத்தாறைத் தொட்டது. வெதுவெதுப்பாக்கிய உப்புநீரை மருத்துவர் தோலுக்கடியில் ஏற்றினாள். முனகல் நின்றிருந்தது. அரைமணி கழித்து விரலை நீட்டியபோது குட்டி மெல்லச் சப்பியது. மூன்று மில்லி பால் உள்ளே போனது.

"பிழைச்சிடுமா?"

"இப்ப சொல்ல மாட்டேன். ரெண்டு மணிக்கொரு தடவை பால். தினமும் எடை. எடை குறைஞ்சாலும், ஓயாம அழுதாலும், கூட்டத்தை விட்டுத் தள்ளிப் படுத்தாலும், வாய் குளிர்ந்தாலும் அந்த நிமிஷமே வாங்க."

பழுப்புக் காதை அட்டைப்பெட்டியில் மற்ற மூன்றுக்கும் நடுவில் இறக்கினாள். ஒரு குட்டி அதன் தலைமேல் காலைப் போட்டது. தையல்காரரின் கை தன்னால் நீண்டது, பிறகு நின்றது.

"டாக்டரம்மா, ஒரு கத்தரி குடுங்க."

மெத்தைப்பையின் தையலை ஒவ்வொன்றாக வெட்டி, அதை அகலமாக விரித்தார். நான்கு குட்டிகளையும் பாட்டிலையும் ஒரு பக்கம் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, பெட்டியின் அடியில் பரப்பினார். விளிம்புவரை சரியாக இருந்தது.