மேஜையைத் தட்டும் விரல்

பரிசோதனை அறைச் சுவரில் ஒரு படம்கூட இல்லை. கவனத்தை அளக்கும் இடத்தில் கவனத்தை இழுக்க எதுவும் இருக்கக் கூடாது என்று உளவியலாளர் எல்லாவற்றையும் கழற்றி வைத்திருந்தார். ஒரு மேஜை, மூன்று நாற்காலிகள், மூடிய சன்னல். அவ்வளவுதான்.

"எல்லாம் இயல்பாத்தான் இருக்கு" என்றார் அவர்.

நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னார். அம்மாவுக்கு அது அப்படிக் கேட்கவில்லை. மகள் சின்னவள் வெளியே வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் வகுப்பு. திங்கட்கிழமை தலைமை ஆசிரியையைப் பார்க்க வேண்டும். மதிப்பெண் குறைந்ததற்கு மருத்துவக் காரணம் ஏதும் இல்லையென்றால் அவள் அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வேண்டியதுதான் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

"அறிவு நல்லாவே இருக்கு. வாசிப்புலயும் குறை இல்ல. திரையில எழுத்து வரும்போதெல்லாம் பட்டனை அழுத்தற சோதனையும் சுமாரா செஞ்சிட்டா" என்று உளவியலாளர் விளக்கினார். "கண்ணு, காது பாத்தாச்சு. வெறிச்சுப் பாக்கறது வலிப்போன்னு நரம்பு டாக்டரும் பாத்துட்டார். தோளைத் தொட்டா உடனே திரும்பறா, மூளை அலைப் பதிவும் சரியா இருக்கு, அதனால வலிப்பு இல்லைன்னுட்டார். நீங்க கவனக் குறைபாடுன்னு சந்தேகப்படறீங்க. அதுக்கு அறிகுறி வீட்லயும் தெரியணும், பள்ளியிலயும் தெரியணும். டீச்சர் ஒரு தொந்தரவும் இல்லைன்னு எழுதியிருக்காங்க."

"அப்போ சோம்பேறிதானா? அவங்க அப்பா நத்தைன்னுதான் கூப்பிடறார். பாசமாத்தான். ஆனா அவ சிரிக்கறதில்ல, மேடம்."

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"போன வாரம் என்கிட்ட வந்து நின்னா. 'எனக்கு மூளை இல்லைன்னு எழுதிக் குடுத்துடும்மா, எல்லாரும் நிம்மதியா இருப்பீங்க'ன்னு சொல்றா. அழக்கூட இல்ல. கடைக்குப் போய் உப்பு வாங்கிட்டு வான்னு சொல்ற மாதிரி சொல்றா. நான் என்ன பண்ணட்டும்?"

உளவியலாளர் கோப்பை மூடிவைத்தார். பிறகு கேட்டார்: "வீட்டுப்பாடம் எடுத்துட்டு வந்திருக்காளா?"

சின்னவள் உள்ளே வந்தாள். வணக்கம் சொன்னாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்து உட்கார்ந்தாள். கணக்கு நோட்டு. அம்மா பழக்கப்படி பக்கத்தில் உட்கார்ந்தாள். உளவியலாளர் அம்மாவிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தார். சின்னவள் முதல் வகுப்பில் எப்படி இருந்தாள்? தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு வேலை சொல்லி அனுப்பினால் பாதி வழியில் நின்றாள். பேச்சு ஓடியது, கணக்கும் ஓடியது.

அம்மாவின் ஆள்காட்டி விரல் நோட்டின் ஓரத்தை மெல்லத் தட்டியது. பேனா நகர்ந்தது. சற்று நேரம் கழித்து மறுபடி ஒரு தட்டல். பேனா அடுத்த வரிக்குப் போனது.

"எவ்வளவு நாளா இப்படித் தட்டறீங்க?"

"என்னத்தை, மேடம்?"

அம்மா தன் கையைப் பார்த்தாள். அது யாருடையதோ போல நோட்டின் மேல் கிடந்தது.

"கையை மடியில வெச்சுக்குங்க. எது நடந்தாலும் எடுக்காதீங்க."

சின்னவள் அந்த வரியை முடித்தாள். அடுத்த கணக்கில் முதல் எண்ணை எழுதினாள். பேனா நின்றது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கண் நோட்டின் மேல்தான் இருந்தது. யாராவது கதவைத் திறந்து பார்த்திருந்தால், எவ்வளவு கவனமாகப் படிக்கிறாள் என்று மெல்ல மூடிவிட்டுப் போயிருப்பார்கள்.

அம்மா ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு தட்டல் போதும். குழந்தை கிணற்றுக்குள் மெதுவாக இறங்குவதைக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே பார்ப்பது போலிருந்தது. உளவியலாளரைக் கெஞ்சும் கண்ணால் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார். வேண்டாம்.

சின்னவளின் விரலடியில் பேனா மூடி நோட்டின் ஓரத்தில் முன்னும் பின்னும் உருண்டது. வெளியே ஏதோ வண்டி போனது. வெகுநேரம் கழித்துச் சின்னவள் நிமிர்ந்தாள்.

"முடிஞ்சிடுச்சாம்மா? போலாமா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

உளவியலாளருக்குத் தன் சோதனைகள் நினைவுக்கு வந்தன. எதிரெதிரே இருவர் மட்டும். எல்லாம் புதுசு, எல்லாம் குட்டிக் குட்டியாக. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவரே "சரி, அடுத்தது பாக்கலாமா?" என்றார். அவருடைய குரலும் ஒரு விரல்தான். தூங்குகிறவரைத் தட்டிக்கொண்டே இருந்துவிட்டு, அவர் தூங்கவில்லை என்று சொன்ன கதைதான்.

"கண்ணு, கிளாஸ்ல உன் பக்கத்துல யாரு?"

"இப்போ யாரும் இல்ல. போன வருஷம் வாயாடின்னு ஒருத்தி இருந்தா. வேற ஸ்கூலுக்குப் போயிட்டா."

"அவ என்ன செய்வா?"

"முழங்கையால இடிப்பா. 'ஏய், பக்கத்தைத் திருப்பு'ம்பா. வலிக்கும். ஆனா நல்லவ."

மதிப்பெண் சரிந்தது இந்த வருடம்தான்.

வெள்ளிக்கிழமை உளவியலாளர் வகுப்பின் பின்பக்கம் போய் உட்கார்ந்தார். வகுப்பு ஆசிரியைக்கு வியப்பு.

"இவளைப் பாக்கவா வந்தீங்க? தங்கமான பொண்ணு. அதோ ஜன்னல்ல தொங்கறானே ஒரு வானரம், அவனைப் பாருங்க. போன வருஷம் அவனை மாதிரி ஒருத்தனை நான்தான் உங்ககிட்ட அனுப்பினேன்."

இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. சீரான இடைவெளியில் குழந்தையை ஒரு முறை பார்க்க வேண்டும், வகுப்பில் சாதாரணமாகப் படிக்கும் இன்னொரு குழந்தையை ஒரு முறை பார்க்க வேண்டும், இருவரும் பாடத்தில் இருக்கிறார்களா என்று குறிக்க வேண்டும். உளவியலாளர் முதலில் முகத்தைப் பார்த்துக் குறித்தார். சின்னவளின் கண் கரும்பலகையில் இருந்தது. பாடத்தில் இருக்கிறாள். மறுபடியும் இருக்கிறாள். ஒப்பிட எடுத்த பெண்ணை விடவும் நன்றாக இருக்கிறாள்.

இப்படியே முடிந்தால் திங்கட்கிழமை இவளுக்காகச் சொல்ல ஒன்றும் இருக்காது.

பிறகு, முகத்தை விட்டுக் கையையும் புத்தகத்தையும் பார்த்தார்.

வகுப்பு முழுவதும் பக்கம் திரும்பும் சரசரப்பு எழுந்தது. ஒரு புத்தகம் மட்டும் அசையவில்லை. மறுபடி சரசரப்பு. ஆசிரியை எதையோ எழுதிக்கொள்ளச் சொன்னார். எல்லாத் தலைகளும் குனிந்தன. சின்னவள் கரும்பலகையையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வானரம்கூட எழுதினான்.

மணி அடித்ததும் உளவியலாளர் ஆசிரியையை அழைத்துச் சின்னவளின் மேஜையருகே நிறுத்தினார். புத்தகம் பாடம் தொடங்கிய பக்கத்திலேயே திறந்து கிடந்தது. நோட்டில் தேதி மட்டும் இருந்தது.

ஆசிரியை நெடுநேரம் அதைப் பார்த்தார். "எனக்கு நாப்பது பிள்ளைங்க. சத்தம் வர்ற பக்கம்தான் திரும்பறேன். இவ முகத்தைப் பாத்து ஏமாந்துட்டேனே."

"நானும்தான்" என்றார் உளவியலாளர்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை அறிக்கையைப் படித்தார். துறுதுறுப்பு இல்லாத கவனக் குறைபாடு. முன் பெஞ்சு, துண்டு துண்டாக வேலை, கடந்து போகும்போது மேஜையில் ஒரு தட்டல், மருந்து வேண்டுமா என்று பார்க்கக் குழந்தை மனநல மருத்துவர். "அதே வகுப்பா இல்லையான்னு வருஷக் கடைசில மறுபடி பாக்கலாம்" என்றார் தலைமை ஆசிரியை. சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை.

நடைபாதையில் அம்மா கேட்டாள்: "நான் தட்டறதை நிறுத்திடணுமா, மேடம்? நான்தான் கெடுத்துட்டேனா?"

"நீங்க தட்டினதாலதான் இவ்வளவு தூரம் வந்திருக்கா. இப்போதைக்கு நிறுத்தாதீங்க. ஆனா அந்த விரல் மெல்ல மெல்ல அவளோடதா மாறணும். நாளாகும்."

"எவ்வளவு நாள்?"

உளவியலாளர் அறிக்கையின் ஒரு பிரதியை அவள் கையில் கொடுத்தார்.

அன்று மாலை சின்னவள் நோட்டைத் திறந்தாள். "எழுதிக் குடுத்துட்டாங்களா? மூளை இல்லைன்னு?"

"மூளை நல்லா இருக்காம். ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதாம். யாராவது தட்டணுமாம்."

சின்னவள் யோசித்தாள். "இது வாயாடிக்கு முன்னாடியே தெரியும்மா. அவகிட்ட யாரும் கேக்கல."

இரண்டு கணக்குப் போட்டாள். மூன்றாவதில் தன் ஆள்காட்டி விரலை நோட்டின் ஓரத்தில் வைத்து, அம்மாவைப் போலவே ஒரு முறை தட்டிப் பார்த்தாள். பேனா நகர்ந்தது. அப்புறம் விரல் தட்ட மறந்தது. பேனா நின்றது. முகம் அமைதியாக, கண் நோட்டின் மேல்.

அம்மா மடியில் கையை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். தாங்க முடிந்த வரை காத்திருந்தாள். பிறகு தட்டினாள்.