கத்தாத குட்டிகள்

பக்கத்து வீட்டு லாரிக்காரர் பன்றிக்குட்டி வாங்கி வந்த நாளில், நான் சுவரோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உலர்ந்த துணிதான், அதனால் என்ன?

பால் மறந்த ஆறு குட்டிகள். ஒரே ஈத்து, கண்ணில் பீளை இல்லை, தொப்புளில் வீக்கமில்லை, வால் பக்கம் கழிச்சல் கறை இல்லை, நடக்கவிட்டும் பார்த்தாராம். மனைவியிடம், நான் அக்கா என்று கூப்பிடுபவளிடம், பரீட்சை எழுதி வந்த பிள்ளைபோல் ஒப்பித்தார். அக்கா கேட்டது வேறு.

"தூக்குனப்போ கத்துச்சா?"

"இல்லையே. ரொம்ப சாது."

"தாயப் பாத்தீங்களா?"

"பின் கொட்டகை பூட்டியிருந்துச்சு. ஒரே சுண்ணாம்பு வாசனை. சுத்தக்காரங்கன்னு நெனச்சேன்."

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. தூக்கினால் ஊரைக் கூட்டும் பன்றிக்குட்டி வாய் திறக்காவிட்டால், அது சாது அல்ல, தெம்பில்லாதது. அவர்களுடைய சினைப்பன்றிக்கு மாதம் நிறைந்திருந்தது. அந்தக் குடும்பத்தின் அடுத்த வருஷமே அதன் வயிற்றில்தான். லாரிக்காரரோ குட்டிகளை அதன் பக்கத்து அறையிலேயே விடப் பார்த்தார்.

அக்கா விடவில்லை. கோடியிலிருந்த பழைய கொட்டகை, தனி வாளி, தனி பூட்ஸ், இரண்டு கொட்டகை வாசலிலும் கால் முக்க மருந்து கலந்த தண்ணீர்த்தொட்டி. காலையில் முதலில் சினைப்பன்றிக்குத் தீனி, அதன் பிறகே குட்டிகள். திரும்பிச் சினைப்பன்றிப் பக்கம் போகவே கூடாது. குட்டிகளுக்கு முதலில் தண்ணீர். பிறகு விற்றவனிடமே வாங்கிய தீனி, கையளவு கையளவாக. திடீரென்று தீனியை மாற்றினாலோ வயிறு முட்டப் போட்டாலோ கழிச்சல் பிடிக்கும். என்னையும் எட்டிப் பார்க்கக்கூடாது என்றாள். என் செருப்பில் அப்படி என்ன இருக்கிறதாம்!

சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்திருந்தது. அதன் வழியே பார்த்தேன். ஆறும் மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. தீனி அப்படியே. தன் கொட்டகையிலிருந்து சினைப்பன்றி உறுமும்போதெல்லாம் ஆறு தலைகளும் மெல்லத் திரும்பின, சத்தமே இல்லாமல்.

பிறகு காதுகள் நீலம் பாய்ந்தன. மாட்டு டாக்டர் வருவதற்குள் நான்கு போய்விட்டன. மற்ற இரண்டும் தாங்கவில்லை. பன்றிகளுக்கு வரும் தொற்றுக்காய்ச்சல் மாதிரி தெரிகிறது, ரத்தம் சோதனைக்குப் போகிறது என்றார் டாக்டர். ஆழக் குழி, நிறைய சுண்ணாம்பு. விற்றவன் வீட்டில் அடித்த அதே வாசனை அடித்ததும் லாரிக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பின் கொட்டகையில் என்ன பூட்டியிருந்தது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. நான்கூடக் கேட்கவில்லை.

சில நாள் கழித்துச் சினைப்பன்றி தீனியைத் தொடவில்லை. வைக்கோலைக் கடித்து மூலைக்கு இழுத்தது, படுத்தது, எழுந்தது. லாரிக்காரர் வாசல் மருந்துத்தொட்டி ஓரமாக நின்றுகொண்டு உள்ளே வர மறுத்தார். "என் கால்ல ஒட்டிக்கிட்டு நோய் இங்கயும் வந்துருச்சு," என்றார்.

அக்கா மண்டியிட்டு மடியைப் பிழிந்தாள். பால் பீய்ச்சியடித்தது.

"நோய் இல்லங்க. ஈனப் போகுது."

பொழுது சாய்வதற்குள் கொட்டகை முழுக்கப் புதுக்குட்டிகளின் கத்தல். என் காது கிழிந்தது. வழக்கமாக இதற்குச் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று கதவைக்கூடச் சாத்தவில்லை.