அடைத்தாலும் அடையாத மெஷின்

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு லோரி வரும் என்று பெரியதம்பி அண்ணன் வெள்ளிக்கிழமை காலையிலேயே சொல்லிவிட்டார். ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலை அலுவலகம் எங்கள் டியூஷன் வகுப்புக்குக் கொடுத்த எட்டுக் கம்ப்யூட்டர்களும் பழைய இரும்புக்காரனுக்குப் போகவிருந்தன. செலண்டார் தோட்ட மண்டபத்தின் பின்னறை அவருக்கு வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலிகளை அங்கே அடுக்க வேண்டுமாம். மண்டபக் கமிட்டியின் தலைவர் அவர்தான். வகுப்பு நடத்துவது நான். இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கு, ஐந்து படிக்கும் பிள்ளைகள் பதினேழு பேர் கைப்பேசியில் கட்டுரை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டர்கள் கெட்டுப்போகவில்லை. திறந்தால் தொழிற்சாலையின் பழைய ஊழியர் ஒருவரின் பெயரைக் காட்டிப் பாஸ்வேர்டு கேட்டன. அவ்வளவுதான் குறை. உள்ளே உள்ளதை அழித்துவிட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று தொழிற்சாலை முத்திரை போட்டுக் கொடுத்த கடிதம் என் ஃபைலில் இருக்கிறது. ஜாசினில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சுஃப்யான் அண்ணன், புதிய சிஸ்டம் ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்திருந்தார். அதிலிருந்து மெஷினைக் கிளப்பினால் பழையது அழிந்து புதியது ஏறும். ஆனால் பென்டிரைவை முதலில் பார் என்று மெஷினுக்குச் சொல்ல, அதன் செட்டப் பக்கத்துக்குள் போக வேண்டும். அதற்கு மெஷின் கிளம்பும்போது ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். எந்தப் பட்டன் என்று திரையிலேயே ஒரு வரி வருமாம்.

அந்த வரி வரவே இல்லை. திரை கறுப்பாக இருக்கும். அடுத்து பாஸ்வேர்டு கேட்கும். நடுவில் ஒன்றுமே கிடையாது.

"எஃப் டூ, இல்லாட்டி டிலீட்," என்றார் சுஃப்யான் அண்ணன் தொலைபேசியில். "நல்லா அடைச்சிட்டுத் தொறம்மா. தொறந்ததும் தட்டிக்கிட்டே இரு. அமுக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்காத, விட்டு விட்டுத் தட்டு."

வெள்ளிக்கிழமை முழுவதும், விளக்கை அணைத்துப் போடுவதுபோல மெஷினை அடைத்துத் திறந்தேன். எதையும் எழுதிவைத்துச் செய்வது என் வழக்கம். நோட்டில் எஃப் 1 முதல் எஃப் 12 வரை, எஸ்கேப், டிலீட், என்டர் என்று பதினைந்து வரி போட்டேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை. தட்டிப் பார்த்து, பலிக்காததைக் கோடு போட்டு அடித்தேன். மாலைக்குள் பதினைந்தும் அடிபட்டுவிட்டன.

சனிக்கிழமை காலை பெரியதம்பி அண்ணன் அறை வாசலில் வந்து நின்றார். நாற்காலிகளை அளக்க டேப்போடு வந்திருந்தார்.

"என்னா திலகா, மந்திரம் பலிச்சிச்சா?"

"இன்னும் இல்லண்ணே."

"கம்பெனிக்காரன் அவன் குப்பையக் கொண்டாந்து நம்ம தலையில கொட்டிட்டான். நீ அதுக்குக் காவல் இருக்க."

"குப்பைன்னா பாஸ்வேர்டு கேக்காதுண்ணே."

"வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது லா."

"அதுக்கு மட்டும் பாஸ்வேர்டு இல்ல," என்றேன். அவர் டேப்பை இழுத்து மேசையின் நீளத்தை அளந்தார். எட்டு மெஷின்கள் அதன்மேல் இருந்தபடியே அளந்தார்.

அவர் போன பிறகு மண்டபத்தைக் கூட்டும் வேலாயி அக்கா உள்ளே வந்தார். மேசைக்கு அடியில் துடைப்பத்தை விட்டு இழுத்தபோது மூன்றாவது மெஷினின் வயர் பிளக்கோடு கழன்று வந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த மெஷின் பட்டென்று நின்றது.

"அலாமாக், ரோசாக்காயிடுச்சா, கெட்டுப்போச்சா?" அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார்.

"ஒன்னும் ஆகாதுக்கா. மாட்டுங்க."

மாட்டினார். நான் திறந்தேன். வழக்கமாக ஒன்பது வினாடியில் பாஸ்வேர்டு கேட்கும் மெஷின், இந்த முறை இழுத்துக்கொண்டே இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தெட்டு வினாடி. அதற்குள், திரையின் அடியில் வெள்ளையாக ஏதோ மின்னி மறைந்தது. அது எழுத்தா, வெறும் கோடா என்று தெரியவில்லை.

"பாத்தீங்களாக்கா?"

"என்னமோ பளிச்சின்னுச்சு."

பெரிய சந்தேகம் வந்தது. பிளக்கைப் பிடுங்கினால் மெதுவாகக் கிளம்புகிறது. நான் ஒழுங்காக அடைத்துத் திறந்தால் வேகமாகக் கிளம்புகிறது. ஒழுங்காக அடைத்தது முழுதாக அடையவே இல்லை என்றுதானே அர்த்தம். சுஃப்யான் அண்ணனைக் கூப்பிட்டு இரண்டு கணக்கையும் சொன்னேன்.

அவர் இரண்டையும் ஒருமுறை திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "நீ எப்படி அடைக்கிற?" என்று கேட்டார்.

"மூலையில பட்டன் இருக்குல்ல, அதைத் தட்டுனா மூணு வரும். அதுல ஷட் டவுன்."

"போச்சு. அதுதான் தப்பு."

"நீங்கதான்ணே அடைச்சிட்டுத் தொறன்னு சொன்னீங்க."

"லைட்ட அடைக்கிறோம், ஃபேன அடைக்கிறோம், வாய்ல அதே வந்துருச்சு. என் தப்புதான் லா. இப்பத்த மெஷின் ஷட் டவுன் குடுத்தா முழுசா அடையாது. பாதியத் தூக்கிப் பத்திரமா டிஸ்க்ல வச்சிக்கிட்டுத் தூங்கும். தொறந்தா அதை எடுத்துக்கிட்டு ஓடும். அந்த ஓட்டத்துல வரிய எங்க காட்டும், உன் பட்டன எங்க கேக்கும்? ரீஸ்டார்ட் குடு. ரீஸ்டார்ட்டுலதான் எல்லாத்தையும் விட்டுட்டு முதல்ல இருந்து கிளம்பும். இன்னொன்னு, அடைச்சித் தொறந்தா மானிட்டரும் தூங்கி முழிக்கணும். அது முழிக்கிறதுக்குள்ள வரி போயிடும். ரீஸ்டார்ட்டுல அது முழிச்சே இருக்கும்."

"அப்ப நான் அடிச்ச பதினஞ்சும்..."

"ஒன்னையும் நீ இன்னும் பாக்கல. எல்லாத்தையும் திரும்ப முதல்ல இருந்து எழுது."

நோட்டில் அடித்த கோடுகளைப் பார்த்தேன். ஒரு நாள் வேலை. அழ வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். புதுப் பக்கத்தில் தேதி போட்டு, மேலே 'ரீஸ்டார்ட் மட்டும்' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

பதினைந்தையும் மறுபடி தட்டிப் பார்க்க நேரமில்லை. மணி ஒன்றரை. வரியை வாசித்தாக வேண்டும்.

"அக்கா, உங்க போன்ல ஸ்லோவா வீடியோ எடுக்க வருமா?"

"என் பேரன் போட்டு வச்சிருக்கான். எங்க இருக்குன்னு தெரியாது."

இருவரும் தேடிக் கண்டுபிடித்தோம். அக்கா திரைக்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மூலைப் பட்டனைத் தட்டி, மூன்றில் கீழே இருந்த ரீஸ்டார்ட்டைத் தட்டினேன். பாஸ்வேர்டு இல்லாமலே அது ஒத்துக்கொண்டது. திரை இருண்டது. ஏதோ மின்னியது. மறைந்தது.

வீடியோவைப் படம் படமாக நகர்த்தினோம். கறுப்பு, கறுப்பு, கறுப்பு. பிறகு அடியில் ஒரே ஒரு வரி, மங்கலாக. அக்காவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் எண் வரும்.

"பத்து," என்றார்.

எஃப் 10. நேற்று மூன்று முறை தட்டி, நானே கோடு போட்டு அடித்த எஃப் 10.

மீண்டும் ரீஸ்டார்ட். திரை இருண்ட நொடியிலிருந்து எஃப் 10-ஐ விட்டு விட்டுத் தட்டினேன். நீலமும் சாம்பலுமாக ஒரு பக்கம் விரிந்தது. படமில்லை, அழகில்லை, வரி வரியாக எழுத்து. அதைப்போல நல்ல பக்கத்தை நான் பார்த்ததில்லை. கிளம்பும் வரிசையில் பென்டிரைவை முதலில் ஏற்றினேன். வேகமாகக் கிளம்பு என்றிருந்ததை வேண்டாம் என்று மாற்றினேன். சேமித்துவிட்டு வெளியே வந்தேன். பென்டிரைவின் விளக்கு சிமிட்டியது. புதிய சிஸ்டம் எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

லோரி மூன்றே முக்காலுக்கே வந்துவிட்டது. அதற்குள் இரண்டு மெஷின்கள் முடிந்து, மூன்றாவதில் ஏறிக்கொண்டிருந்தது. பெரியதம்பி அண்ணன் இரும்புக்காரரோடு உள்ளே வந்தார்.

"எடுங்க, எடுங்க. எட்டும்தான்."

நான் எழுந்து மேசைக்கு முன்னால் நின்றேன். "எடுக்க முடியாதுண்ணே. ஓடுது."

"நேத்துப் பூரா ஓடலியே."

"நேத்து நான் தப்பாச் செஞ்சேன். இன்னிக்குச் சரியாச் செய்றேன்."

"லோரிக்குச் சொல்லியாச்சு திலகா. மனுசன் பெட்ரோல் போட்டு வந்திருக்காரு."

"மண்டபத்துக்குப் பின்னால துருப்பிடிச்ச கூடாரக் கம்பி ரெண்டு வருசமாக் கெடக்கு. அதைக் குடுங்க."

இரும்புக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கம்பின்னா எனக்கு அதுவே மேல், பாஸ்," என்றார்.

பெரியதம்பி அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. "கமிட்டியில கேள்வி வரும். ரூம யாரு குடுத்தாங்கன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். கம்பெனி குடுத்த லெட்டர் இருக்கு. பதினேழு புள்ளைங்க பேரு இருக்கு. எந்த மெஷின் எத்தன மணிக்குக் கிளம்புச்சுன்னு நோட்டு இருக்கு. எல்லாத்தையும் நானே வந்து வாசிக்கிறேன்."

"ஒரு மெஷினாச்சும் குடு. வெறுங்கையோட அனுப்பாத."

அவர் கேட்டது நியாயமாகப்பட்டதால் அல்ல, ஒரு மெஷின் உண்மையிலேயே மசியாததால் அதைக் கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. நிலவரம் தெரிய எட்டிலும் ஒருமுறை எஃப் 10 தட்டிப் பார்த்திருந்தேன். ஏழாவது மெஷின் செட்டப் பக்கத்துக்கே தனியாக ஒரு பாஸ்வேர்டு கேட்டது. அதைத் தொழிற்சாலைதான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். கேட்காமல் விட்டுக்கொடுப்பதா?

"இல்லண்ணே," என்றேன். "ஏழாவதுக்கு நாளை மறுநாள் போன் பண்ணணும். அதுவும் இங்கதான் இருக்கும்."

வேலாயி அக்கா துடைப்பத்தைக் கதவுக்குக் குறுக்கே சாத்திவைத்துவிட்டு, அதன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"நீயுமா?" என்றார் அண்ணன்.

"எனக்குக் கால் வலி," என்றார் அக்கா. எழுந்திருக்கவில்லை.

வெளியே கம்பிகளை லோரியில் எறியும் சத்தம் கேட்டது. பெரியதம்பி அண்ணன் வாசலில் நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கத் தொடங்கினார். ஒவ்வோர் அடுக்கையும் வேண்டுமென்றே சத்தமாக வைத்தார். நான் நான்காவது மெஷினுக்கு நகர்ந்தேன். ரீஸ்டார்ட்டைத் தட்டினேன். திரை இருண்டது. விரல் எஃப் 10-இன்மேல் இறங்கி ஏறியது.