நாற்பத்து நான்காவது அறம்

மனித குலத்தை விலங்கிலிருந்து பிரித்தவை இரண்டே இரண்டு: ஒன்று நெருப்பு, மற்றொன்று தெருப்பெயர். புது மனைப்பிரிவின் தொகுதிகளுக்கும் உள்தெருக்களுக்கும் பெயர் சூட்டுவதற்காக வரவழைக்கப்பட்ட பெயர் ஆலோசகர் தம் அறிக்கையை இப்படித்தான் தொடங்கியிருந்தார். அவர் வீட்டு விலாசம் "பழைய மாவு மில்லுக்குப் பின்னால், மாடி" என்பது அறிக்கையில் இல்லை.

கூட்டம் மனைப்பிரிவின் விற்பனை அலுவலகத்தில் நடந்தது. தகரக் கூரைக்குக் கீழே பொய்க்கூரை, அதற்குக் கீழே குளிரூட்டி, அதற்கு நேர் கீழே முதலாளி. அவர் பக்கத்தில் அவருடைய மச்சினன், அதாவது வீட்டம்மாவின் தம்பி. அவனுக்கு மனைப்பிரிவில் என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது; ஆனால் எல்லாச் சாவியும் அவனிடம்தான் இருந்தது. கடைசி நாற்காலியில் வரைபடக்காரி. உரிமம் பெற்றவள். மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை வரைந்தவள் அவள்தான். கையில் எப்போதும் முக்கோண அளவுகோல் இருப்பதால் கொத்தனார் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் அவள் ஸ்கேல் அம்மா.

"ஊரோட பேர் அறப்பேரூர்," என்றார் ஆலோசகர். "நாலு தொகுதி. வாய்மை, கருணை, ஊக்கம், ஒழுக்கம். ஒவ்வொண்ணுக்குள்ளயும் பதினோரு தெரு. அந்தந்தத் தாய் அறத்தோட கிளை அறங்கள். மொத்தம் நாப்பத்து நாலு. தெருப் பேரைக் கேட்டதுமே எந்தத் தொகுதின்னு தெரிஞ்சிடும். இதைத்தான் பெயர் ஒழுங்குன்னு சொல்றது."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். உயர்ந்த விஷயங்கள் காதில் விழும்போது அவர் அப்படிச் செய்வார். தூக்கம் வந்தாலும் அப்படித்தான்.

"நாலு தொகுதியிலயும் சரியாப் பதினொண்ணா?" என்றாள் ஸ்கேல் அம்மா.

"சமச்சீர்தானே அழகு."

"அழகு சரி. வாய்மையில 'உண்மை'ன்னு ஒரு தெரு, 'மெய்ம்மை'ன்னு ஒரு தெரு. ஒழுக்கத்துல 'அன்பு', அடுத்தது 'பண்பு'. ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னு ஆம்புலன்சுக்கு போன் பண்ணா, அன்பா பண்பான்னு கேட்டு முடிக்கறதுக்குள்ள ஆள் போயிடுவார். ஒண்ணு மாதிரி ஒண்ணு ஒலிக்கிற பேரை நகரமைப்பு ஆபீஸ்ல அடிச்சிடுவாங்க. அப்புறம், நடுச் சாலை நாலு தொகுதி வழியாவும் போகுது. தொகுதிக்கு ஒரு பேர்னு மாத்த முடியாது. ஒரே சாலைக்கு ஒரே பேர்தான்."

"அம்மா," என்றார் ஆலோசகர், மிகுந்த கருணையோடு. "நீங்க கோடு பாக்கறீங்க. நான் குணம் பாக்கறேன்."

மச்சினன் சிரித்தான். அத்தான் சிரித்திருந்தால் இன்னும் உரக்கச் சிரித்திருப்பான்.

ஆனாலும் ஆலோசகர் அந்த இடங்களைத் திருத்தத்தான் வேண்டியிருந்தது. திருத்தப் போனபோது ஒரு பேருண்மை வெளிப்பட்டது: உலகில் அறங்கள் போதவில்லை. முப்பத்தெட்டுக்கு மேல் அவருக்கு மூச்சு முட்டியது. ஊக்கத் தொகுதியின் கடைசித் தெருவுக்கு நேரந்தவறாமைத் தெரு என்று வைத்தார். அந்தத் தெரு ஒப்பந்த நாளைத் தாண்டி இரண்டு வருஷம் கழித்துப் போடப்பட்டது. ஒழுக்கத்தில் ஒரு முட்டுச்சந்துக்கு விடாமுயற்சி என்று வைத்தார். இதற்கிடையே நுழைவாயில் வளைவில் "நான்கு அறத் தொகுதிகள், நாற்பத்து நான்கு அறத் தெருக்கள்" என்று கருங்கல்லில் செதுக்கியாகிவிட்டது. முதலாளிக்குக் கல்லில் செதுக்கினால்தான் மனசு ஆறும். காகிதத்தில் இருப்பதை அவர் யோசனை என்றுதான் கருதுவார்.

பெயர்ப் பட்டியலை நகரமைப்பு அலுவலகம் ஏற்றால்தான் கதவு எண் கிடைக்கும். கதவு எண் இருந்தால்தான் குடிநீர் இணைப்பு. ஆகவே பட்டியலைப் படிவத்தில் நிரப்பி, கையொப்பமிட்டு, உரிம எண் முத்திரை குத்தித் தரும் பொறுப்பு ஸ்கேல் அம்மாவிடம் வந்தது.

அவளுடைய அலுவலகம் அவள் வீட்டின் முன்னறை. மேசையில் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை விரித்து, தெருக்களை ஒன்று, இரண்டு என்று பென்சிலால் எண்ணிக்கொண்டே வந்தாள். நாற்பத்து மூன்றில் தெருக்கள் தீர்ந்துபோயின. பெயர் ஒன்று மிச்சம் நின்றது: கருணைத் தொகுதி, பதினொன்றாவது, பெருந்தன்மைத் தெரு.

திரும்ப எண்ணினாள். தெருக்கள் கூடவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மனைப்பிரிவுக்குப் போனாள்.

பெருந்தன்மைத் தெரு அங்கே இருந்தது. புதுத் தார், இருபக்கமும் விளக்குக் கம்பம். நுழைவாயிலிலிருந்து கிளம்பி, பூங்காவை வகிடெடுத்ததுபோல் இரண்டாகப் பிளந்து, முதலாளி தமக்காகக் கட்டிக்கொண்ட வீட்டின் வாசலில் முடிந்தது. வரைபடத்தில் அந்த இடம் முழுக்கப் பச்சை. அந்தப் பச்சையைப் பொதுப் பூங்காவென்று நகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் மனைகளுக்கு அங்கீகாரமே வந்தது. பத்திரத்தில் சாட்சியாக மச்சினன் கையெழுத்துப் போட்டிருந்தான்.

அன்று மத்தியானமே விற்பனை அலுவலகத்தில் போய் நின்றாள்.

"நாப்பத்து மூணுதான் இருக்கு."

"கல்லுல நாப்பத்து நாலு இருக்கே," என்றார் முதலாளி.

"கல்லுல இருக்கு. பிளான்ல இல்ல. பூங்காவுக்குள்ள ரோடு போட்டிருக்கீங்க."

"தங்கச்சி, வளைவுல நுழையறவன் கண்ணுக்கு முதல்ல என்ன தெரியணும்? புல்லா? இந்த ஊரை உண்டாக்கினவன் வீடு தெரிய வேணாமா? அதான் பெருந்தன்மைன்னு பேரே வெச்சிருக்கோம்."

"அந்த வீட்டு மனைக்கு வழி பின்பக்கம், பணிவுத் தெருவுல. பிளான்ல அப்படித்தான் இருக்கு."

"பணிவுத் தெருவுல நானா?" என்று முதலாளி உண்மையாகவே வியந்தார்.

ஆலோசகருக்கு வேறு கவலை. "ஒண்ணை எடுத்தா கருணைக்குப் பத்துதான் மிஞ்சும். மத்த மூணுக்கும் பதினொண்ணு. ஒழுங்கே குலைஞ்சிடும்."

மச்சினன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "மேடம், இவ்வளவு பெரிய பட்டியல்ல ஒண்ணை யார் எண்ணப் போறா? கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா முத்திரை வெச்சிருக்கறவங்க ஊர்ல நீங்க ஒருத்தர்தானா? அப்புறம் அத்தானோட அடுத்த மூணு மனைப்பிரிவும் அவங்க கைக்குப் போகும்."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த மூன்றும் போனால் முன்னறையில் அவளுக்கு வேலை இல்லை. கையெழுத்துப் போட்டால் உரிமமே இல்லை. அவளோடு படித்த ஒருவர் இப்படி ஒரு தாளில், அவசரம் என்று சொன்னார்களென்று, கையெழுத்துப் போட்டார். இப்போது தரை ஓடு விற்கும் கடையில் நின்று, எது வழுக்காது என்று வருவோருக்கு எடுத்துச் சொல்கிறார்.

"சரி," என்றாள் ஸ்கேல் அம்மா. "நாப்பத்து நாலும் எழுதறேன்."

"அப்படி வாங்க வழிக்கு," என்றான் மச்சினன்.

படிவத்தில் எட்டுப் பத்திகள் உண்டு. பெயர், தொகுதி, தொடக்கம், முடிவு, அகலம், இடப்புறம் உள்ளவை, வலப்புறம் உள்ளவை, கதவு எண்கள். இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை. அவள் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். ஒரு பத்தியையும் விடவில்லை, ஒரு பொய்யும் எழுதவில்லை. வரைபடத்தில் உள்ளவை முடிந்தபின் வந்த நாற்பத்து நான்காவது வரிசை இப்படி இருந்தது: பெருந்தன்மைத் தெரு, கருணை, பூங்காவின் மேற்கு எல்லை, பூங்காவின் கிழக்கு எல்லை, ஒன்பது மீட்டர், பூங்கா, பூங்கா, இல்லை. ஓரத்தில், "அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இல்லாதது" என்று மற்ற எழுத்துகளின் அளவிலேயே எழுதினாள்.

அதை மூவரும் சரிபார்த்தார்கள். ஒரு முழுக் காலைப் பொழுது சரிபார்த்தார்கள். ஆலோசகர் பெயர்ப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்து, ஈகைக்கு முன்னால் கனிவு வரவேண்டும் என்றார். முதலாளி பெயர்ப் பத்தியை மட்டும் விரலை வைத்து எண்ணி, நாற்பத்து நான்கு என்று திருப்தியடைந்து, பெருந்தன்மை மட்டும் தடித்த எழுத்தில் வந்தால் நன்றாயிருக்கும் என்றார். மச்சினன் தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்ததாகச் சொன்னால் மிகையாகிவிடும், பக்கவாட்டில்தான் பிடித்திருந்தான். மற்ற ஏழு பத்திகளையும் ஒருவரும் பார்க்கவில்லை. அவற்றில் குணம் எதுவும் இல்லை, வெறும் இடமும் அளவும்தான். முதலாளி ஒவ்வொரு தாளின் அடியிலும் பெரிய கையெழுத்தாகப் போட்டார்.

அடுத்த வாரம் நகரமைப்பு அலுவலகத்தில் நால்வரும் கண்காணிப்பாளர் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கண்காணிப்பாளர் மெலிந்த பெண்மணி. பெயர்ப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றதைப் படிக்கும் பழக்கம் உள்ளவர். கடைசி வரிசைக்கு வந்ததும் கையை எடுத்தார்.

"இந்தத் தெருவுக்கு ரெண்டு பக்கமும் பூங்கா போட்டிருக்கு. வீடே இல்ல."

"இயற்கைச் சூழல் மேடம்," என்றார் ஆலோசகர்.

"பூங்கா எங்களோடது. எழுதிக் குடுத்தாச்சு. எங்க பூங்காவுக்குள்ள நீங்க எப்படித் தெரு போட்டீங்க?"

முதலாளி மச்சினனைப் பார்த்தார். மச்சினன் ஸ்கேல் அம்மாவைப் பார்த்தான். "இதெல்லாம் நீங்க ஏன் எழுதினீங்க?"

"பத்தி இருந்துச்சு, எழுதினேன்," என்றாள் அவள். "படிச்சுப் பாத்துட்டுத்தானே சார் கையெழுத்துப் போட்டார்."

"படிச்சீங்களா சார்?" என்றார் கண்காணிப்பாளர்.

படித்தேன் என்றால் குற்றம். படிக்கவில்லை என்றால் கேவலம். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்; இந்த முறை உயர்ந்த விஷயம் எதுவும் காதில் விழவில்லை, தூக்கமும் வரவில்லை.

ஆலோசகர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "மேடம், கருணைக்குப் பத்து, மத்ததுக்குப் பதினொண்ணுன்னா பெயர் ஒழுங்கு கெட்டுடும். தத்துவமே ஆட்டங்கண்டுடும்."

"கருணைல ஒண்ணு குறைஞ்சா ஒண்ணும் ஆகாது," என்று சொல்லி, கண்காணிப்பாளர் சிவப்புப் பேனாவால் பெருந்தன்மையை அடித்தார். "நாப்பத்து மூணுக்கு உத்தரவு வரும். ரோட்டைப் பேத்துட்டு, புல் போட்டு, சுத்தி வேலி போட்டுக் குடுங்க. வேலி முடிஞ்சப்புறம்தான் கதவு எண்." பிறகு ஸ்கேல் அம்மாவின் முத்திரையைப் பார்த்து, "படிவத்தை முழுசா நிரப்பறவங்களை இங்க பாக்கறதே அபூர்வம்," என்றார். அதைப் பாராட்டாகச் சொன்னாரா, அலுப்பில் சொன்னாரா என்று தெரியவில்லை.

அடுத்த மூன்று மனைப்பிரிவுகளும் வேறொரு முத்திரைக்காரருக்குப் போயின. ஆனால் உரிமம் அவளிடமே இருந்தது. வேறு முதலாளிகளும் ஊரில் இருந்தார்கள், அவர்களுக்கும் பத்திகளை நிரப்ப ஆள் தேவைப்பட்டது. ஆலோசகர் தம் அடுத்த அறிக்கையில் அறங்களை விட்டுவிட்டுக் கனிகளுக்கு மாறினார்.

தார் பெயர்க்கப்பட்டது, புல் வந்தது, வேலி வந்தது. முதலாளி வீட்டின் முன்வாசல், இரட்டைக் கதவும் எட்டுப் படியும் நான்கு தூணுமாக, வேலியைப் பார்த்து நிற்கிறது. கதவு எண் 6, பணிவுத் தெரு. அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு இருப்பது ஒரே ஒரு கதவு. விருந்தாளிகள் பாத்திரம் தேய்க்கும் தொட்டியைத் தாண்டி, சமையலறை வழியாக உள்ளே வருகிறார்கள்.