அஞ்சுன்னா ஆயுதம்

தங்கையின் கணவனுக்கு வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. ஃபிளையிங் கிளப்பில் சேர்ந்து சின்ன விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கியதிலிருந்து, வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடிதான். ‘கேப்டன்’ என்று அவனை அவனேதான் கூப்பிட்டுக்கொண்டான். மற்றவர்களும் கூப்பிட்டார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மனைவியின் அக்கா விமான நிலைய ரேடார் அறையில் கன்ட்ரோலர் என்பது அவனுக்கு ஒரு தமாஷ்.

“என்னக்கா பெரிய வேலை? ஆளுக்கு நாலு நம்பர் குடுக்கறீங்க. பஸ் கண்டக்டர் மாதிரி. நேத்து எனக்கு 4389 குடுத்தாங்க.”

“விமானத்துல நம்பர் போடற அந்தப் பெட்டியில எட்டும் கிடையாது, ஒன்பதும் கிடையாது மாப்பிள்ளை. சைபர்லேர்ந்து ஏழு வரைக்கும்தான்.”

தங்கை தண்ணீர் டம்ளருக்குள் சிரித்தாள். கேப்டன் அசரவில்லை.

“நம்பர் இல்லேன்னா திரையில எல்லாரும் வெறும் புள்ளி” என்றாள் அக்கா. “ரேடார் கேக்கும், உங்க பெட்டி நம்பரைச் சொல்லும், யாருன்னு தெரியும். அவசரத்துக்குன்னு மூணு இருக்கு. 7500, 7600, 7700. அஞ்சுன்னா ஆயுதம், கடத்தல். ஏழுன்னா எமன், உயிராபத்து. நடுவுல ஆறு ஊமை, ரேடியோ போச்சுன்னு அர்த்தம். ஞாபகம் வச்சுக்கோங்க.”

“எனக்கேவா பாடம்?” என்று கை கழுவப் போனான் அவன்.

அடுத்த வாரம், வெயில் ஏறிய ஒரு முற்பகல். கேப்டன் மனைவியை ஏற்றிக்கொண்டு வானத்தில் இருந்தான். அவனுக்குக் கொடுத்த எண் 4316. அக்காவின் திரையில் அந்த எண்ணும் உயரமும் ஒட்டிய ஒரு புள்ளி, ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்தது. ரேடியோவில் தேவையில்லாமல் வானிலை வர்ணனை செய்துகொண்டிருந்தவன் பாதி வாக்கியத்தில் நின்றான்.

அப்பாடா என்று நினைத்தாள். அந்த நிம்மதி முடிவதற்குள் புள்ளி சிவந்து துடித்தது. 7500.

கடத்தல். தங்கை அதற்குள் இருக்கிறாள்.

கூப்பிட்டாள். பதில் இல்லை. “நான் பேசுவது கேட்டால் ஐடென்ட் பொத்தானை அழுத்தவும்.”

திரையில் அந்தப் புள்ளி பளிச்சென்று பெரிதாகி மின்னியது. காது இருக்கிறது, வாய்தான் போயிருக்கிறது.

சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார். “யாரு?”

“என் தங்கச்சி வீட்டுக்காரர், சார். தங்கச்சியும் இருக்கா. ரேடியோ கெட்டுப்போய் ஆறுக்குப் பதிலா அஞ்சு போட்டிருப்பார். அவர் புத்தி அவ்வளவுதான்.”

“சத்தியமா சொல்வியா? பக்கத்துல கத்தியோட எவனும் இல்லைன்னு?”

ஒரு முட்டாளின் முட்டாள்தனத்தை நம்பித் தங்கையின் உயிரைப் பணயம் வைக்க முடியுமா?

“சொல்ல மாட்டேன், சார்.”

“அப்ப முறைப்படி ஒரு தடவை கேளு. அதுக்கு மேல நோண்டாதே.”

“7500 போட்டிருப்பதை உறுதி செய்யவும்” என்றாள். ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியாக, அழுத்தி உச்சரித்தாள். இனியாவது திருத்துவான்.

புள்ளி மறுபடி பளிச்சென்று மின்னியது. ஆமாம், ஆமாம், 7500தான்!

சூப்பர்வைசர் போனை எடுத்தார். பாதுகாப்புப் படைக்குத் தகவல் பறந்தது. அவள் மற்ற விமானங்களை ஒதுக்கி நிறுத்தி, திசையும் உயரமும் சொன்னாள். பேச்சு வராத அந்தச் சில நிமிடங்களில் கேப்டன் சொன்னபடி கேட்டான். கல்யாணமான நாளிலிருந்து நடக்காத அதிசயம்.

விமானம் தரையைத் தொட்டது. ஓடுபாதையின் கோடியில், கறுப்புக் கண்ணாடி எங்கோ தெறித்து விழ, குப்புறப் படுத்திருந்தான். சுற்றிலும் துப்பாக்கிகள்.

விசாரணை முடிந்து தங்கை போன் செய்தாள்.

“நீ நல்லா இருக்கியாடி?”

“எனக்கென்ன? ‘அக்கா ஊமைக்கு ஆறுன்னாளே’ன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். ‘வாயை மூடு, அஞ்சுதான்’னார்.”

“நான்தான் உறுதி பண்ணச் சொல்லிக் கேட்டேனே! எதுக்கு பட்டனை அமுக்கினார்?”

“நீ அவரைப் பாராட்டறேன்னு நினைச்சாராம். ‘பார்த்தியா, உங்கக்காவே ஒத்துக்கறா’ன்னு என்னைப் பார்த்து சிரிச்சுக்கிட்டே அமுக்கினார்.”

“இப்ப என்ன பண்றார்?”

“லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்க. மூலையில உக்காந்திருக்கார். பேச்சே இல்லை.”

“அதுக்குத்தான்டி ஆறு” என்று போனை வைத்தாள் அக்கா.