செண்டுமல்லி என்று தேடினேன்

மிக்கேலம்மாள் அக்கா பொய் சொல்கிறார் என்று எட்டுப் பேர் முன்னால் நிரூபித்தவன் நான். அதற்கு எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இண்டூர் பக்கத்தில் மாதவராஜ் அண்ணன் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். நிழல்வலைக் கூடாரம் நான்கு. தக்காளி, கத்தரி, மிளகாய், செண்டுமல்லி. விவசாயிகள் பண்ணையின் செல்போனுக்குச் செய்தி அனுப்பிப் பதிவு செய்வார்கள். அந்த செல்போன் என் பொறுப்பு. அதற்கு முன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இரவு வேலை பார்த்தேன். எங்கோ இருக்கிறவர்களின் புகாருக்கு சாட்டில் பதில் சொல்கிற வேலை. பதினான்கு மாதத்தில் விட்டுவிட்டேன். காலேஜையும் அப்படித்தான் விட்டேன். ஆனாலும் பண்ணையில் எனக்குப் பேர் 'கம்ப்யூட்டர்'. யாராவது ஆர்டரைப் பற்றிச் சந்தேகம் கிளப்பினால் பழைய சாட்டில் தேடி எடுத்துக் காட்டுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது.

பண்ணையின் வழக்கம் ஒன்று உண்டு. வாசலில் போர்டாகவே எழுதி வைத்திருக்கிறார் அண்ணன்: 'நாங்கள் கட்டைவிரல் போட்டால்தான் ஆர்டர் உறுதி.' செய்தியைப் படித்து, நோட்டில் எழுதி, பிறகு அதன் மேல் கட்டைவிரல் படம் போட வேண்டும். போட்ட பின் மாற்றிக் கொடுத்தால் பண்ணையின் தப்பு.

வியாழக்கிழமை நாற்று ஏற்றும் நாள். மிக்கேலம்மாள் அக்கா ஜோசப் ராஜின் டெம்போவில் வந்தார். அவன் அவருடைய கொழுந்தனார் மகன். நான் தக்காளி நாற்றுத் தட்டுகளை எடுத்து வைத்தேன். அக்கா வண்டிப் பக்கம் வந்து பார்த்தார்.

"இதென்னா தம்பி, தக்காளி?"

"நீங்க சொன்னதுதாங்கக்கா. அம்பது தட்டு."

"மொதல்ல சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு செண்டுமல்லின்னு மாத்திட்டனே. அந்தக் காட்டுல போன வருசம் தக்காளி பூராவும் வாடிச் செத்துப் போச்சுன்னுதான் மாத்தச் சொன்னது. இப்ப நட்டாத்தான் ஆயுத பூசைக்குப் பூ வரும்."

"யாருகிட்ட சொன்னீங்க?"

"எம்பொண்ணு அருள்ராணி போன்ல போட்டா. நீகூட கட்டவிரல் போட்டியே. அவ காட்டுனா."

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். ஊருக்கு வரும்போது அம்மாவின் போனில் செய்தி அனுப்புவது அவள்தான். அன்றைக்கு அந்தப் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

நான் பண்ணை செல்போனை எடுத்தேன். அக்காவின் சாட்டைத் திறந்தேன். தேடும் இடத்தில் 'செண்டுமல்லி' என்று தமிழில் அடித்தேன். எதுவும் இல்லை. 'தக்காளி' என்று அடித்தேன். ஒன்று வந்தது. 'தக்காளி 50 தட்டு, வியாழன் ஏற்றலாம்' என்று நான் அனுப்பியது.

செல்போனை உயர்த்தி, நாற்று ஏற்ற வந்து சுற்றி நின்றவர்களுக்குக் காட்டினேன்.

"செண்டுமல்லிங்கற பேச்சே இதுல இல்லீங்க. நீங்களே பாருங்க."

மாதப்பன் எட்டிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் தலையாட்டினார். "ஆமா, இல்ல."

"பொண்ணு வேற யாருக்கோ போட்டுட்டு ஆத்தாகிட்ட கணக்கு காட்டிட்டா போல" என்றான் வீரமணி. "அந்தக் கட்டவிரலும் வேற யாரோடதோ!"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா அங்கேயே ஜோசப் ராஜின் போனில் மகளைக் கூப்பிட்டார். வகுப்பில் இருந்திருப்பாள், எடுக்கவில்லை. "வரட்டும், அவளப் பேசிக்கறேன்" என்றார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு தக்காளியோடு போனார்.

சாயந்தரம் பண்ணை செல்போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். 'அண்ணா நான் அருள்ராணி. நான் அனுப்பினேன். அம்மா என்னைத் திட்டித் தீர்த்துட்டாங்க. நான் தமிழ்ல டைப் பண்ண மாட்டேன். இங்கிலீஷ் எழுத்துல தேடிப் பாருங்க.'

இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. தேடும் வசதிக்கு ஓசை தெரியாது. அடித்த எழுத்துகள் வரிசையாக அப்படியே இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். நான் 'செ' என்று அடித்தால், 's' என்று தொடங்குகிற வார்த்தை அதற்கு வேறு ஏதோ. வாசித்தால் ஒரே பூதான். அதற்கு வாசிக்கத் தெரியாது. நான் எப்போதும் தமிழில் அடிக்கிறவன். அதனால் தமிழில் தேடினால் நான் எழுதியதுதான் வரும். அவர்கள் சொன்னது வராது. காலையில் நான் ஊருக்கே காட்டியது என் பேச்சை மட்டும்தான்.

chendumalli என்று அடித்தேன். இல்லை. sendumalli. இல்லை. thakkali. அதுவும் இல்லை. ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு sen என்று மூன்று எழுத்தை மட்டும் அடித்தேன். 'photo send pannunga' என்று ஒன்று வந்தது. அதற்கு மேலே அது இருந்தது.

'anna thakali vendam. sendu malli 50 tattu podunga. amma solranga.'

தக்காளிக்கு ஒரு k. சேர்த்து எழுத வேண்டிய பூவின் பேருக்கு நடுவில் ஒரு இடைவெளி. அதனால்தான் ஆங்கில எழுத்திலும் முதலில் சிக்கவில்லை. தேதியைப் பார்த்தேன். விதை போடுவதற்கு மூன்று நாள் முன்னால்.

செய்தியின் அடியில் கட்டைவிரல். என்னுடையது.

காலையில் வந்ததும் சேர்ந்து கிடக்கிற செய்திகளுக்கெல்லாம் வரிசையாகக் கட்டைவிரல் போட்டுக்கொண்டே போவேன். படிப்பது அப்புறம். ஓசூரில் பழகியது அது. அங்கே பதில் போகாத சாட் இருந்தால் மேனேஜர் சீட்டுக்கே வந்துவிடுவான். இங்கே யாரும் வரமாட்டார்கள். ஆனாலும் விரல் அதைத்தான் செய்தது.

ஆக ஆர்டர் உறுதி. தப்பு பண்ணையின் தப்பு. அதாவது என் தப்பு.

நான் அந்தக் கட்டைவிரலை மறுபடி தொட்டேன். அது போய்விட்டது. பண்ணை செல்போனில் போனால் அக்காவின் போனிலும் போய்விடும். தெரிந்துதான் தொட்டேன்.

மறுநாள் காலை அக்காவும் ஜோசப் ராஜும் தட்டுகளை இறக்காமல் அப்படியே டெம்போவில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஜோசப் ராஜ் முந்தின நாள் மத்தியானமே அக்காவின் போனில் எதையும் அடித்துத் தேடாமல், மேலே தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறான். செய்தியையும் பார்த்துவிட்டான், கட்டைவிரலையும் பார்த்துவிட்டான்.

"மாதவராஜ் அண்ணா, இங்க பாருங்க" என்று போனை நீட்டினான். "இங்கிலீசுல இருக்குது. இந்தாளு தமிழ்ல தேடிட்டு இல்லன்னுட்டான். கீழ கட்டவிரல் பாருங்க..."

நிறுத்தினான். போனைத் தன் பக்கம் திருப்பினான். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான்.

"நேத்து இருந்துச்சு."

"எங்கப்பா?" என்றார் அண்ணன்.

"நேத்து இருந்துச்சுண்ணா. என் கண்ணால பாத்தேன். சே, ஒரு படம் புடிச்சு வெச்சிருக்கணும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "பூவரசா, செய்திய நீ பாத்தியா?"

"இங்கிலீஷ் எழுத்துல இருந்ததால கண்ணுல படலீங்கண்ணா" என்றேன். "தேடுனாலும் வராது. அது அப்படித்தாங்க." சொன்னதில் பாதி உண்மை. அதனால் சரளமாக வந்தது.

"பாருங்கம்மா, செய்தி வந்திருக்குது, ஒத்துக்கறேன்" என்றார் அண்ணன். "ஆனா நாங்க கட்டவிரல் போடலியே. போர்டுல எழுதியே வெச்சிருக்கறோம். தட்டத் திருப்பி எடுக்க முடியாது."

அக்கா போர்டைப் பார்த்தார். அவருக்கு அது வெறும் கோடுகள். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. தான்தான் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்பதுபோல் பார்த்தார். அதற்குக் கோபமே மேல்.

"ரெண்டு தடவ பொய்க்காரி ஆயிட்டேன்" என்று ஜோசப் ராஜிடம் சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறினார்.

மூன்று நாள் சும்மா இருந்தேன். எல்லா சாட்டையும் திறந்து sen, chen, tha, thak என்று அடித்துப் பார்த்தேன். வேறு இரண்டு பேர் செய்தியும் இப்படிப் படிக்காமலே போயிருந்தது. ஒருவர் அரூர்க்காரர். நாற்று வேண்டாம் என்றிருக்கிறார். நாங்கள் அனுப்பியதைப் பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கிறார். அந்தச் செய்தியிலும் என் கட்டைவிரல்.

திங்கட்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். காட்டில் பாதிக்குமேல் தக்காளி நட்டிருந்தது. நாற்று முற்றினால் வீண்தான், வேறு என்ன செய்வார். கையில் மண்ணோடு வரப்பில் வந்து நின்றார்.

"கட்டவிரல் போட்டது நான்தாங்கக்கா. அப்புறம் நானே எடுத்துட்டேன்."

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அதெல்லாம் எடுக்க வருமா?"

"வருங்கக்கா. தொட்டாப் போயிரும்."

"எம்பொண்ண அன்னிக்கு நான் பேசாத பேச்சில்ல. நாலு நாளா போன எடுக்க மாட்டேங்கறா." கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "இத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்ற? வரப்புல யாரு இருக்கறா? நீ எங்க போன தூக்கிக் காட்டுனியோ அங்க சொல்லு."

"அண்ணன்கிட்ட சொல்லிடறேங்கக்கா."

"அவருகிட்ட நீ தனியா குசுகுசுன்னு சொல்லுவ. எனக்கு அது வேணாம். வியாழக்கிழம நான் வரேன்."

அண்ணனிடம் அன்றைக்கே சொன்னேன். கெட்ட வார்த்தையில் திட்டினார். "அறிவிருக்காடா உனக்கு? எடுத்தது எடுத்துட்ட, அதோட வுட்டுத் தொலைக்க வேண்டியதுதான? இப்ப ஊர் பூரா நம்ம பண்ண நாறும்" என்றார். பிறகு கூடாரத்துக்குள் போய், யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன செண்டுமல்லித் தட்டுகளை எண்ணினார். இருபது இருந்தது.

வியாழக்கிழமை. போன வாரம் நின்றவர்களில் நான்கு பேர்தான் இருந்தார்கள். மாதப்பன், வீரமணி, இன்னும் இரண்டு பேர். மற்றவர்கள் புதியவர்கள். அக்கா போர்டுக்குப் பக்கத்தில் நின்றார். கையில் போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மறுமுனையில் அருள்ராணி.

"போன வாரம் நான் சொன்னது பொய்ங்க" என்று ஆரம்பித்தேன். "அருள்ராணி செய்தி போட்டது நிஜம். நான் தமிழ்ல தேடுனேன், அவங்க இங்கிலீஷ் எழுத்துல போட்டிருந்தாங்க, அதனால வரல. ஆனா தப்பு அது இல்லீங்க. படிக்காமயே நான் கட்டவிரல் போட்டேன். மாட்டிக்குவேன்னு அத எடுத்தும்புட்டேன்."

வீரமணி தரையைப் பார்த்தான்.

"அப்ப எனக்குப் போட்ட கட்டவிரலையும் படிக்காமத்தான் போட்டியாடா?" என்றார் மாதப்பன்.

"தெரியலீங்க. பாத்துச் சொல்றேன்."

"பாத்துச் சொல்வானாம்!" அவர் தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "இப்பவே படி. சத்தமாப் படி."

படித்தேன். அவர் பேத்தி ஆங்கில எழுத்தில் போட்டது. கத்தரி, முப்பது தட்டு. சரியாகத்தான் இருந்தது. அவருக்குப் பின்னால் இன்னொருவர் போனை நீட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். வரிசையாக நின்றார்கள். ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு மகளிடம் மெதுவாக ஏதோ பேசினார். "சரி சாமி, சாப்பிட்டியா" என்றது மட்டும் கேட்டது. பிறகு அந்த இருபது செண்டுமல்லித் தட்டையும் தானே ஒவ்வொன்றாக எடுத்து டெம்போவில் வைத்தார். தூக்கிவிட நான் போனேன்.

"நீ போயி படி" என்றார்.